தோல் அட்டையில் லோகோ: அழுத்துவது, புடைப்பது, பொன் இடுவது

ஒரே பிளாக், ஒரே பிரஸ், அழுத்துகிறவரும் ஒரே ஆள். மூன்று தோல் துண்டுகளில் அடுத்தடுத்து அடிக்கிறார். முதல் துண்டில் லோகோ கூர்மையாகக் குழிந்து, கோடுகள் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கறுத்து நிற்கிறது. இரண்டாவதில் அழுத்தும்போது நன்றாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் பாதிப் பள்ளம் காணாமல் போய்விட்டது. மூன்றாவதில் தங்க ஃபாயில் பளபளவென்று ஒட்டியது, செல்லோடேப்பை ஒட்டி இழுத்ததும் டேப்போடு வந்துவிட்டது. நோட்டுப்புத்தகத்துக்கு லோகோ போட வருபவர்கள் பெரும்பாலும் ஃபாயிலின் நிறத்தையும் எழுத்துருவையும் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது தோல். அதனால் இந்த அத்தியாயம் தோலிலிருந்து தொடங்குகிறது.

அதற்குமுன் மூன்று பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. லோகோ தோலுக்குள் பள்ளமாக இறங்கினால் டீபோஸ். தோலின் மட்டத்துக்கு மேலே புடைத்து நின்றால் எம்போஸ். சூடான பிளாக்குக்கும் தோலுக்கும் நடுவே ஃபாயிலை வைத்து அழுத்தி, நிறத்தைத் தோலில் ஒட்டவைத்தால் ஃபாயில் ஸ்டாம்பிங். நிறம் எதுவும் இல்லாமல் வெறுமனே அழுத்துவதை அச்சகங்களில் பிளைண்ட் என்பார்கள். கடைகளில் மூன்றுக்கும் சேர்த்து ‘எம்போசிங்’ என்றே சொல்லிவிடுவது உண்டு. ஆர்டர் கொடுக்கும்போது பள்ளமா, மேடா, நிறமா என்று கேட்டு எழுதிக்கொண்டால் பின்னால் சண்டை வராது.

தோலில் முதலில் பார்க்க வேண்டியது அது எப்படிப் பதனிடப்பட்டது என்பது. மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்புச் சாற்றில் பதனிட்ட தோல் ஈரத்தில் இளகும். அந்த நிலையில் அழுத்தி உலரவிட்டால் அழுத்திய வடிவத்திலேயே நின்றுவிடும். டீபோஸுக்கு இதைவிடப் பொருத்தமான தோல் இல்லை. தமிழ்நாட்டில் இது நெடுங்காலத் தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு இங்கே பதனிட்ட தோல் ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில் கடல் கடந்து போனது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இப்போது ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது. தோலின் குணம் மாறவில்லை.

குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் வேறு ரகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலை அறிமுகப்படுத்தியபோது, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைச் சால்களுக்கு அந்தத் தோல் ஏற்றதாக இருக்கும் என்று காட்டினார். நாள் முழுவதும் தண்ணீரில் முங்கி எழுந்தாலும் ஊறிப்போகாத, உரு மாறாத தோல் அது. சாலுக்கு வரமாக இருந்த அதே குணம்தான் லோகோவுக்கு இடைஞ்சல். தண்ணீருக்கு இளகாத தோல் அழுத்தத்துக்கும் பணியாது. அடித்த சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மென்மையான, வண்ண வண்ணமான கைப்பைத் தோல்களில் பெரும்பாலானவை குரோம் வகையே. அதில் ஃபாயில் நன்றாக ஒட்டும், ஆழமான பிளைண்ட் நிற்காது.

எது எது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. தோலைச் சிறிது வெட்டி, வெட்டிய ஓரத்தைப் பார்க்கலாம். உட்பக்கம்வரை சாயம் ஏறாத குரோம் தோலில் நடுவே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். பட்டைத்தோலில் பழுப்பு இருக்கும். சாயம் முழுக்க ஏறியிருந்தால் உட்பக்கத்தை நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மேற்பக்கத்தில் நகத்தால் அழுத்த வேண்டும். தடம் தெளிவாக நின்றால் பட்டைத்தோல்.

அடுத்து மேற்பூச்சு. எண்ணெயும் மெழுகும் நிறைய ஊட்டிய ‘புல்-அப்’ தோலை வளைத்தால் வளைவில் நிறம் வெளிறும், பார்க்க அழகு. ஆனால் சூடு பட்டதும் அந்த மெழுகு மேலே எழும்பி ஃபாயிலின் பசையைத் தோலில் பிடிக்கவிடாது. தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது துண்டு இந்த ரகம். இத்தகைய தோலுக்குப் பிளைண்ட் போதும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவதே நேர்மை. பெரிய மணி மணியான மேற்பரப்பு உள்ள தோலிலும் மெல்லிய கோடுகள் உடைந்துபோகும், ஏனென்றால் பிளாக் மேடுகளை மட்டும் தொட்டுப் பள்ளங்களைத் தாண்டிவிடும்.

இனி ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு போவோம். ஒரு தேயிலை நிறுவனத்துக்கு ஏ5 அளவில் 200 நோட்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் வட்டத்துக்குள் இருக்கும் லோகோ, வட்டத்தின் விட்டம் 40 மில்லிமீட்டர். அதன் அடியில் தமிழில் நிறுவனத்தின் பெயர். வாடிக்கையாளர் கேட்பது: லோகோ ஆழமாக இருக்க வேண்டும், இலைகள் தங்க நிறமாக மின்ன வேண்டும், பெயர் புடைத்து நிற்க வேண்டும். தோல் 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள, சாயம் போடாத பட்டைத்தோல்.

முதலில் படம். அவர்கள் அனுப்பிய கோப்பில் வட்டம் முழுக்கக் கறுப்பு, அதற்குள் இலைகள் வெள்ளை. காகிதத்தில் இது சரி, தோலில் சரிவராது. 40 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு சுமார் 12.6 சதுர சென்டிமீட்டர். ஒரு டன் அழுத்தம் தரும் கைப்பிரஸில் அடித்தால் சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோதான் கிடைக்கும். அதே லோகோவைக் கோட்டோவியமாக மாற்றிப் பரப்பை 4 சதுர சென்டிமீட்டராகக் குறைத்தால், அதே பிரஸில் சதுர சென்டிமீட்டருக்கு 250 கிலோ. பெரிய பரப்பில் நடுப்பகுதி ஆழமாக இறங்காமல் ஓரங்கள் மட்டும் தெரிவதற்கும், ஃபாயில் நடுவில் திட்டுத்திட்டாக விட்டுப்போவதற்கும் இதுவே காரணம். ஆகவே வட்டமும் இலைகளும் கோடுகளாகின்றன. கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு கோடுகளுக்கு நடுவிலான இடைவெளி அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும். அழுத்தும்போது தோல் இரண்டு பக்கமும் வளைந்து இறங்குவதால் இடைவெளி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆங்கில லோகோவுக்குச் சொல்லும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் உள்வளைவும் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் சிக்கல்: சிறிய தனிப் புள்ளி தோலின் மயிர்த்துளைபோல் தோன்றித் தொலைந்துபோகும், அல்லது கூர்மையாக இருந்தால் தோலைக் குத்திக் கிழிக்கும். நமது நிறுவனத்தின் பெயரில் ‘ண்’, ‘ஞ்’ இரண்டும் இருக்கின்றன. எழுத்தின் உயரத்தை 6 மில்லிமீட்டராக்கி, சுழிகளைத் திறந்து, புள்ளியின் விட்டத்தை எழுத்தின் கோட்டைவிடச் சற்றுப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் பிழைக்கும். தடித்த முனையும் மெல்லிய முனையும் மாறி மாறி வரும் அலங்கார எழுத்துருவைவிட ஒரே தடிமனில் ஓடும் எழுத்துரு இங்கே உதவும்.

கோப்பை முழுக் கறுப்பில், வெக்டராக, எழுத்துகளை அவுட்லைனாக மாற்றி அனுப்ப வேண்டும். நிழல், படிப்படியாக மங்கும் நிறம் எதுவும் கூடாது. பிளாக் கண்ணாடி பிம்பமாகத்தான் இருக்கும், ஆனால் அதைத் திருப்புவது பிளாக் செய்பவரின் வேலை. வாடிக்கையாளரும் ஒருமுறை திருப்பி, அவரும் ஒருமுறை திருப்பினால் தோலில் இடவலம் மாறிய தமிழ்தான் வரும்.

பிளாக்கைப் பொறுத்தவரை, 200 பிரதிக்கு மெக்னீசியம் போதும். அமிலத்தில் அரித்துச் செய்வதால் விலை குறைவு, சீக்கிரம் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் அடிப்பதென்றாலோ, ஆண்டுதோறும் திரும்ப வரும் ஆர்டர் என்றாலோ பித்தளை நல்லது. எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஆழம். காகித ஃபாயிலுக்குச் செய்யும் ஆழம் குறைந்த பிளாக்கைத் தோலில் அழுத்தினால் எழுத்துகளுக்கு நடுவிலுள்ள தோல் உப்பி, பிளாக்கின் அடித்தளத்தைத் தொட்டு, லோகோவைச் சுற்றிக் கறை விழும். தோலுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும்.

இப்போது அழுத்தம். பட்டைத்தோலில் ஆழமான பள்ளம் வேண்டுமென்றால் ஈரப்படுத்தியே ஆக வேண்டும். பஞ்சால் தோல் முழுவதையும் சீராக நனைக்க வேண்டும்; லோகோ வரும் இடத்தை மட்டும் நனைத்தால் உலர்ந்ததும் ஈரத்தின் எல்லை வளையமாகக் கறை கட்டும். நனைத்த உடனே அடிக்கக் கூடாது. கறுத்த தோல் மெல்ல வெளுத்து, ஏறக்குறையப் பழைய நிறத்துக்குத் திரும்பி, தொட்டால் குளிர்ச்சியாக மட்டும் இருக்கும் கட்டம் ஒன்று வரும். அதுதான் நேரம். அப்போது பிளாக் கொதிக்கக் கூடாது. ஈரமான பட்டைத்தோல் 70, 80 டிகிரி வெப்பத்திலேயே சுருங்கி, முறுகி, கறுத்துவிடும். அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. பிளாக் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூட்டுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்க வேண்டும்: ஒன்று அல்லது இரண்டு நிமிடம் அப்படியே அழுத்திப் பிடிக்க, இழைகள் புதிய இடத்தில் படிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் மேசைமேல் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. ஈரமான பட்டைத்தோலில் துருப்பிடித்த ஆணியோ இரும்புத் தூளோ பட்டால் நீலக்கறுப்புக் கறை பிடிக்கும். கடுக்காய்ச் சாயமிட்ட துணியில் இரும்புக் கரைசலைத் தொட்டுக் கறுப்புக் கோடு வரையும் கலம்காரிக் கலைஞர்களின் வேதியியல் இதுவே. அங்கே கலை, இங்கே நஷ்டம். நனைக்கும் தண்ணீரைக்கூடப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளம் முடிந்தது. இனித் தங்கம். தங்க ஃபாயிலில் தங்கம் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மெல்லிய பாலியெஸ்டர் தாள், அதன்மேல் சூட்டில் விடுபடும் மெழுகுப் படலம், அதன்மேல் மஞ்சள் அரக்கு, பிறகு வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், கடைசியில் சூட்டில் இளகும் பசை. மஞ்சள் அரக்கின் வழியே அலுமினியத்தைப் பார்ப்பதால் அது தங்கமாகத் தெரிகிறது. அசல் தங்க இலையை முட்டை வெண்கருவால் தோலில் ஒட்டும் பழைய பைண்டிங் முறை இன்றும் சில கைவினைக் கூடங்களில் உண்டு. 200 நோட்டுக்கு அது கட்டுப்படியாகாது. ஃபாயில் வாங்கும்போது காகிதத்துக்கா, தோலுக்கா என்று சொல்லி வாங்க வேண்டும், இரண்டுக்கும் பசை வேறு.

ஃபாயிலுக்குத் தோல் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் சூடான பிளாக் பட்டால் நீராவி எழும்பிப் பசையைத் தள்ளிவிடும். ஆகவே பள்ளம் அடித்த தோலைத் தட்டையாக வைத்து ஒரு நாள் உலரவிட்டு, மறுநாள் அதே பள்ளத்தில் அதே பிளாக்கை இறக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நனைந்த தோல் நீளும், காய்ந்தால் சற்றுச் சுருங்கும். ஓரத்தை வைத்து இடம் பிடித்தால் லோகோ இரட்டையாகத் தெரியும். தோலை வேண்டிய அளவைவிடச் சுற்றிலும் பெரிதாக வெட்டி, அந்த உபரி ஓரத்தில் இரண்டு துளையிட்டு, பிரஸின் மேடையிலுள்ள இரண்டு பித்தளை ஊசிகளில் மாட்டி அடித்தால் இரண்டாம் அடியும் இடத்தில் விழும். துளையுள்ள ஓரத்தைக் கடைசியில் வெட்டி எறிந்துவிடலாம்.

இலைகளுக்கும் வட்டத்துக்கும் மட்டும் தங்கம், பெயருக்கு வேண்டாம் என்றால் இரண்டாவது பிளாக் தேவையில்லை. ஃபாயிலை இலைகளையும் வட்டத்தையும் மூடும் அளவுக்கு மட்டும் வெட்டி வைத்தால் போதும். பெயர் ஃபாயில் இல்லாமல் சூட்டோடு மறுபடி அழுந்தி, இன்னும் சற்றுக் கறுத்து, எடுப்பாக நிற்கும். சூடு பெரும்பாலும் 100 முதல் 130 டிகிரிக்குள், நேரம் ஒன்றிரண்டு விநாடி. உலர்ந்த தோல் இந்தச் சூட்டைச் சில விநாடி தாங்கும், நீண்ட நேரம் தாங்காது. ஃபாயில் தயாரிப்பாளர் கொடுக்கும் அளவில் தொடங்கி, கழிவுத் துண்டுகளில் ஐந்து ஐந்து டிகிரியாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். டயலில் தெரிவது சூடேற்றும் தட்டின் வெப்பம், பிளாக்கின் முகத்தின் வெப்பம் அல்ல. பிரஸைப் போட்டதும் அடிக்காமல் கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

அடித்த லோகோவே என்ன தவறு என்று சொல்லிவிடும். ஃபாயில் திட்டுத்திட்டாக விட்டுப்போயிருந்தால் சூடோ அழுத்தமோ போதவில்லை. எழுத்தின் சுழிகளில் தங்கம் அடைத்து, ஓரங்களில் இறகுபோல் நீட்டிக்கொண்டிருந்தால் சூடு அதிகம். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்ததுபோல் மங்கினாலும் அதுவே காரணம். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருந்தால் சூட்டைத் தொடவே வேண்டாம். வெளிறிய பக்கத்துக்கு நேராகத் தோலின் அடியில் காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி மட்டப்படுத்த வேண்டும். அனுபவமில்லாதவர் இந்த இடத்தில் சூட்டைக் கூட்டுவார், நன்றாக இருந்த பக்கமும் கருகும். கோட்டின் ஓரத்தில் தோலின் மேல்தோல் பிளந்திருந்தால் அழுத்தம் அதிகம், அல்லது பிளாக்கின் விளிம்பு கத்திபோல் இருக்கிறது.

ஃபாயில் ஒட்டியதா என்பதை அடித்த கையோடு பார்க்கக் கூடாது. ஆறவிட்டு, முடிந்தால் மறுநாள், செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று உரிக்க வேண்டும். பிறகு வெள்ளைத் துணியால் நன்றாகத் தேய்க்க வேண்டும். நோட்டு பைக்குள் சாவியோடும் சார்ஜரோடும் கிடக்கப் போகிறது. தட்டையான தோலின்மேல் ஒட்டிய ஃபாயிலின் ஓரங்கள் அந்த உராய்வில் விரைவில் தேயும். பள்ளத்துக்குள் இறங்கிய ஃபாயிலை அது எளிதில் தொடாது. இரண்டு நாள் வேலையாகப் பிரித்து, முதலில் பள்ளம், பிறகு தங்கம் என்று செய்ததன் பலன் இங்கேதான் தெரியும்.

வாடிக்கையாளரின் மூன்றாவது ஆசை மிச்சமிருக்கிறது: பெயர் புடைத்து நிற்க வேண்டும். எம்போஸுக்கு இரண்டு அச்சுகள் வேண்டும். மேலே பள்ளமான அச்சு, கீழே அதில் பொருந்தும் மேடான கவுண்டர். நடுவில் ஈரத்தோலை வைத்து அழுத்த வேண்டும். 1.6 மில்லிமீட்டர் தோல் இவ்வளவு சிறிய எழுத்தின் வளைவுகளுக்குள் ஏறாது. அந்த இடத்தில் தோலைப் பின்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே சீவ வேண்டும். அப்படியும் 6 மில்லிமீட்டர் தமிழ் எழுத்து கொழகொழவென்று வருமே தவிரக் கூர்மையாக வராது. வட்டமும் இலையும் போன்ற பெரிய, எளிய வடிவங்களுக்கு எம்போஸ் அழகு கொடுக்கும். எழுத்துக்கு வேண்டாம் என்பதே இந்த நூலின் தீர்ப்பு.

பெரிய வடிவத்துக்கு எம்போஸ் செய்தாலும் அட்டையில் ஒட்டும்போது அது அமுங்கிப்போகும் ஆபத்து உண்டு. புடைப்பின் பின்பக்கத்து வெற்றிடத்தைத் தோல் தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்து நிரப்பி, காய்ந்த பிறகே அட்டையில் ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் வழக்கம்போல் பிரஸில் வைத்து இறுக்காமல், லோகோவுக்கு நேராகப் பஞ்சுத் தாளோ ஃபெல்ட்டோ வைத்து அழுத்த வேண்டும். மேடான இடம்தான் முதலில் தேயும், அழுக்கும் அங்கேயே முதலில் ஏறும்.

புடைப்பின் தோற்றம் வேண்டும், தேய்மானம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு மாற்று இருக்கிறது. பெயரைச் சுற்றியுள்ள பின்னணியை மட்டும் பள்ளமாக்கினால், பெயர் தோலின் பழைய மட்டத்திலேயே நின்று மேடாகத் தெரியும். அட்டையின் மட்டத்தைத் தாண்டாததால் நோட்டுகளை அடுக்கினாலும் நசுங்காது. பின்னணியின் பரப்பு கூடுவதால் பிரஸின் பலத்தை முன்சொன்ன கணக்குப்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நமது 200 நோட்டில் பெயருக்கு அடியில் 60 × 12 மில்லிமீட்டர் பட்டை வைத்தால் அதுவே 7.2 சதுர சென்டிமீட்டர். எழுத்துகளின் இடம் கழிந்தாலும் லோகோவோடு சேர்த்து ஒரே அடியில் ஒரு டன் பிரஸ் திணறும். தனிப் பிளாக், தனி அடி என்றால் முடியும். விலை அதற்கேற்ப ஏறும். இதைச் சொன்னதும் பல வாடிக்கையாளர்கள் சாதாரண டீபோஸுக்கே சம்மதித்துவிடுகிறார்கள்.

விலை பேசி முடிப்பதற்குமுன் உண்மையான தோலில், உண்மையான பிளாக்கில் அடித்த ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, அதன் பின்னால் சூடு, நேரம், ஃபாயிலின் எண் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணினித் திரையில் காட்டும் மாதிரிப் படத்தை நம்பி 200 தோலை வெட்டிவிட வேண்டாம். வேலை முடிந்ததும் மெக்னீசியம் பிளாக்கைத் துடைத்து, மெல்ல எண்ணெய் பூசி, காற்றுப் புகாமல் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று அதை விரைவில் அரித்துவிடும். அடுத்த ஆண்டு அதே நோட்டை மறுபடி கேட்கும்போது அந்தப் பிளாக் போதும். ஆனால் தோல் புதிய லாட்டில் வருகிறதென்றால் சோதனைத் துண்டை மறுபடி அடித்துப் பார்த்த பிறகே ஆர்டரை உறுதி செய்யுங்கள்.